"ஒரு நொடிக்கு எவ்வளவு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனிமேஷன் வேலையை ஃப்ரீலான்ஸர்களிடம் கொடுக்கும் தயாரிப்பு நிறுவனத்தாருக்கும் விளம்பரக் குழுவினருக்கும் வணக்கம்.

போனை எடுத்ததும் நீங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "ஒரு நொடிக்கு எவ்வளவு வாங்குவீங்க?" உங்களுக்குப் பட்ஜெட் போட ஒரு எண் வேண்டும், புரிகிறது. நாங்களும் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். நான் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்ட ஒரு வேலையின் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

30 நொடிப் படம். கையால் வரையும் 2டி. நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவதால் நொடிக்கு 12 படங்கள் வரைய வேண்டும். ஸ்கிரிப்டைப் பார்க்காமலேயே "நொடிக்கு இரண்டு மணி நேரம் ஆகும்" என்று கணக்குப் போட்டு, 60 மணி நேரத்துக்கான கூலியைக் கேட்டேன். முடிந்தபோது 180 மணி நேரம் ஆகியிருந்தது.

எங்கே போனது அந்த நேரம்? படத்தில் 12 நொடி, ஒரு பெண் நின்று பேசுகிறாள். உடம்பு அசையாது, வாய், கண், கொஞ்சம் தலை. நொடிக்கு ஒன்றரை மணி வீதம் 18 மணி நேரம். அடுத்த 10 நொடி அவள் நடக்கிறாள். ஒரு நொடி நடையை 12 படங்களில் வரைந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம், பின்னணி மட்டும் நகரும். மொத்தம் 10 மணி நேரம்தான். மிச்சம் 8 நொடி: அவளும் அவள் தம்பியும் ஓடிவந்து கட்டிப்பிடித்துச் சுற்றுகிறார்கள். எதையும் மறுபடி பயன்படுத்த முடியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து 192 படங்கள். ரஃப், க்ளீன்அப், வண்ணம் எல்லாம் சேர்த்து ஒரு படத்துக்கு 25 நிமிடம் என்றால் 80 மணி நேரம்!

ஆக, அசைவுக்கு மட்டும் 108 மணி நேரம். மீதி 72 மணி நேரம் பாத்திர வடிவமைப்பு, காட்சிகளை முதலில் கோட்டோவியங்களாக நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக், பின்னணிகள், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வெளியே எடுப்பது ஆகியவற்றுக்குப் போனது. நான் சொன்ன "இரண்டு மணி நேரம்" பொய் இல்லை. பேனா கையில் இருந்த நேரத்தை மட்டும், அதுவும் சுலபமான ஷாட்டை நினைத்து, ஞாபகத்திலிருந்து சொன்னது. எங்களில் பலர் தவறுவது இங்கேதான்.

நீங்கள் தவறும் இடம் ஒன்றும் இருக்கிறது. "பட்ஜெட் குறைவு, 15 நொடியாக்கிவிடலாம், பாதி வாங்கிக்கோங்க" என்பீர்கள். வெட்டும்போது எது போகும்? நடையும் பேச்சில் ஒரு பகுதியும். கட்டிப்பிடிக்கும் காட்சிதான் படத்தின் உயிர், அது நிற்கும். மேலே உள்ள கணக்கில் நடையின் 10 மணி நேரமும் ஐந்து நொடிப் பேச்சின் ஏழரை மணி நேரமும் போனால் 162 மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. நொடிக்கு 6 மணி நேரம் என்றிருந்தது, கிட்டத்தட்ட 11 ஆகிவிடும்.

திருத்தங்களும் அப்படித்தான். தம்பிக்குத் தொப்பி வேண்டும் என்பதைப் பாத்திர வடிவமைப்பின்போது சொன்னால் அரை மணி நேர வேலை. வண்ணமெல்லாம் முடிந்த பிறகு சொன்னால், அவனுடைய 96 படங்களிலும் ஏறும் தொப்பி அது. படத்துக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் 8 மணி நேரம். அதனால்தான் அனிமேட்டிக்கில் உங்கள் ஒப்புதலை எழுத்தில் கேட்கிறோம். அதற்குப் பிறகு வரும் மாற்றத்துக்குத் தனிக் கூலி கேட்பதும் இதனால்தான்.

நொடிக் கணக்கை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே விலையாக இல்லாமல், நின்று பேசும் நொடி, திரும்ப ஓட்டக்கூடிய நொடி, முழுதும் புதிதாக வரையும் நொடி என்று மூன்று விலையாகக் கேளுங்கள். நொடிகளோடு சேராத வடிவமைப்பையும் பின்னணிகளையும் தனி வரியில் போடச் சொல்லுங்கள். நாள் கணக்கு கேட்கும்போது, எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் மெயில், ஃபைல் அனுப்புவது, உங்களோடு பேசுவது எல்லாம் போக வரைவதற்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 180 மணி நேர வேலை என்பது 30 வேலை நாள்.

அப்புறம், விலை பேசும் முன் ஸ்கிரிப்டை அனுப்பிவிட்டு, மிகக் கடினமான ஷாட்டில் ஒரே ஒரு நொடியை வண்ணம்வரை முடித்துக் காட்ட இரண்டு நாள் கொடுங்கள், அதற்கான கூலியோடு. அந்த இரண்டு பேர் காட்சியில் ஒரு நொடி என்பது 24 படம், 10 மணி நேரம். கடிகாரத்தை ஓடவிட்டு அதை வரைந்திருந்தால், அன்றைக்கு உங்களிடம் 60 என்று சொல்லியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்காகப் படம் வரையும் ஒரு ஃப்ரீலான்ஸ் அனிமேட்டர்