காலை 6.42 என்று இன்னும் நிற்கும் செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, ஏற்காடு மலைப்பாதையில் பாறை சரிந்து விழுந்ததாக உங்கள் இணையப் பக்கத்தில் செய்தி வந்தது. 12ஆவது கொண்டை ஊசி வளைவில் பாதை அடைபட்டுவிட்டது, எந்த வாகனமும் போக முடியாது, குப்பனூர் வழியாகச் செல்லவும் என்று போட்டிருந்தீர்கள். மேலே தேதியும் 'காலை 6.42' என்ற நேரமும் இருந்தன. நான் அதை அப்படியே எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மிளகு மூட்டைகளோடு சேலம் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பிக்கப் வண்டியைக் குப்பனூர் பக்கம் திருப்பினார்.

பதினோரு மணிக்கு மேல் குழுவில் ஒரே சத்தம். அதே இணைப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு வேறு செய்தி தெரிந்திருக்கிறது: பாறை அகற்றப்பட்டுவிட்டது, இருசக்கர வாகனம், கார், சிறிய சரக்கு வண்டிகளுக்கு அனுமதி, பஸ்ஸும் லாரியும் மட்டும் குப்பனூர் வழி. 12ஆவது வளைவு 2ஆவது வளைவு ஆகியிருந்தது. தலைப்பும் மாறியிருந்தது. நேரம் மட்டும் மாறவில்லை, அதே 6.42. "காலையிலேயே சின்ன வண்டி போகலாம்னுதானே போட்டிருக்கு, அவரை எதுக்குச் சுத்த விட்டீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். நான் அனுப்பியதில் வாட்ஸ்அப் காட்டும் முன்னோட்டத்தில் பழைய தலைப்பு அப்படியே இருந்தது. அது அனுப்பும்போதே பதிந்துவிடும், பிறகு பக்கம் மாறினாலும் மாறாது. வெளியே ஒரு தலைப்பு, உள்ளே ஒரு தலைப்பு என்று பார்த்தவர்கள் நான்தான் ஏதோ செய்துவிட்டதாக நினைத்தார்கள். காலையில் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்தான் என்னைக் காப்பாற்றியது.

செய்தியை மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. பாதை திறந்தால் உடனே மாற்றத்தான் வேண்டும். புதிதாக வேறு இணைப்பு போடாமல், ஊரெல்லாம் பரவிய அதே இணைப்பில் மாற்றியதும் சரிதான். ஆனால் 10.55க்குத் தெரிந்த தகவலுக்கு மேல் 6.42 என்று எழுதியிருந்தால், அந்த நேரமே பொய்யாகிவிடுகிறது. 6.42க்குச் சின்ன வண்டிகளுக்கும் வழி இல்லை.

அது 10.55தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கை மகன் அந்தப் பக்கத்தின் மூலக் குறிமுறையைத் திறந்து காட்டினான். `datePublished` என்ற இடத்தில் 06:42, `dateModified` என்ற இடத்தில் 10:55. இரண்டாவது நேரத்தை உங்கள் கணினி தானாகவே குறித்து வைத்திருக்கிறது. தேடுபொறிகள் அதைப் படித்துக்கொள்கின்றன. வாசகன் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை.

அந்த நேரத்தை வெளியே காட்டினாலும் பாதி வேலைதான் ஆகும். 'புதுப்பிக்கப்பட்டது: 10.55' என்று மட்டும் போட்டால், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார்களா, பாதையையே திறந்துவிட்டார்களா என்று எப்படித் தெரியும்? எழுத்துப்பிழைக்குக் குறிப்பு தேவையில்லை, அதற்காக நேரத்தை ஏற்றவும் வேண்டாம். ஏற்றினால் பழைய செய்தி புதிது போலத் தெரியும், மழை நாளில் அதுவும் ஆபத்துதான். செய்தியின் பொருள் மாறினால் என்ன மாறியது என்று இரண்டு வரி போதும். அன்றைக்கு இப்படி இருந்திருக்கலாம்:

"புதிய தகவல், காலை 10.55: கார், இருசக்கர வாகனம், சிறிய சரக்கு வண்டிகளுக்கு அனுமதி. 6.42க்கு வெளியிட்டபோது எல்லா வாகனங்களும் நிறுத்தப்பட்டிருந்தன.

திருத்தம்: பாறை விழுந்தது 2ஆவது வளைவில். 12ஆவது வளைவு என்று முதலில் தவறாக எழுதிவிட்டோம்."

இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாதை திறந்தது நிலைமை மாறியதால் வந்த மாற்றம், அதில் உங்கள் நிருபர் மேல் குற்றம் இல்லை. வளைவு எண் உங்கள் பிழை. சத்தமில்லாமல் மாற்றியதால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, சரியாக எழுதிய பகுதியும் பொய் போலத் தெரிந்தது. அச்சில் தவறு வந்தால் மறுநாள் 'திருத்தம்' என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள், முந்தின நாள் பேப்பரும் வீட்டில் இருக்கும். இணையத்தில் பழையது அழிந்துபோகிறது என்பதால், அதில் என்ன இருந்தது என்று அந்தக் குறிப்பே சொல்லியாக வேண்டும். சாலை, மழை, பள்ளி விடுமுறைச் செய்திகளில் அந்தக் குறிப்பு அடியில் இருந்தால் பயனில்லை. தலைப்புக்குக் கீழேயே வேண்டும், ஏனென்றால் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படிப்பவர் கடைசி வரை போகமாட்டார்.

இந்தக் கடிதம் எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்னும் காலை 6.42தான். முதலில் அதைச் சரிசெய்து, தலைப்புக்குக் கீழே ஒரு குறிப்பும் போடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கு நான் அந்த இணைப்பை மறுபடி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு.