கோரைப்பல் முளைக்கும் முன் வெட்டாதீர்கள்: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தோழியின் மகனுக்கு ஏழு வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து இருக்கிறது. மேலுதட்டை ஈறோடு பிடித்திருக்கும் தசை தடிப்பாக இருப்பதால்தான் சந்து, அதை வெட்டிவிட்டால் தானாகச் சேர்ந்துவிடும் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது எனக்குச் சொல்லப்பட்டதும் இதே வார்த்தைகள்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். முன்பல் சந்துக்காக ஒரு குழந்தையின் உதட்டுத் தசையை வெட்டுவதற்கு முன், அந்தச் சந்துக்கு அதுதான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். எழுத முடியவில்லை என்றால், கோரைப்பல் இறங்கும் வரை காத்திருங்கள்.

ஏழெட்டு வயதில் நிலைத்த முன்பற்கள் விரிந்து, நடுவே சந்தோடு முளைப்பது சாதாரணம். இது உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த பாடம். எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை நெருக்குவதால், முன்பற்களின் நுனிகள் விசிறி போல வெளிப்பக்கம் சாய்கின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும் அவை நிமிர்கின்றன. இரண்டு மில்லிமீட்டருக்குள் உள்ள சந்து பெரும்பாலும் அப்போது தானாகவே மூடிக்கொள்கிறது. தசையும் அதே இடத்தில் நிற்பதில்லை. தாடை வளர வளர அது பல்லை விட்டு மேலே ஏறுகிறது. ஏழு வயதில் பல்லுக்கு நடுவே இறங்கியிருப்பது பன்னிரண்டு வயதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத உயரத்தில் இருக்கலாம். பெற்றோரிடம் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

என் மகளின் சந்து மூன்று மில்லிமீட்டர் இருந்தது. இரண்டைத் தாண்டிய சந்து தானாக முழுசாக மூடுவது அரிது என்பதால், அது கவனிக்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் கவனிப்பது என்றால் காரணத்தைத் தேடுவது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. உதட்டை மேலே இழுத்துப் பிடித்து, பற்களுக்கு நடுவே இருக்கும் ஈறும் அதன் பின்னால் அண்ணப் பக்கமும் வெளுக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. வெளுத்தால் தசையின் நார்கள் பற்களுக்கு ஊடே போய்ப் பின்பக்கம் வரை பிடித்திருக்கின்றன என்று பொருள். விரலும் கண்ணும் போதும், செலவே இல்லாத பரிசோதனை. அதையும் விட்டுவிட்டு, லேசரில் சில நிமிட வேலை என்றார்கள்.

வெட்டுவது சில நிமிட வேலையாக இருக்கலாம். அதற்கு முன் உதட்டின் நடுவில் போட்ட மரத்துப்போகும் ஊசி அவளுக்குச் சில நிமிட விஷயமாக இல்லை. கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டோம். புண் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவள் யாரையும் மேலுதட்டைத் தொட விடுவதில்லை. அந்த இடத்தில் பிரஷ் பட்டாலே தலையைத் திருப்பிக்கொள்வாள். சரியாகத் துலக்காததால் முன்பல் ஈறு சிவந்து வீங்கி ரத்தம் கசிய ஆரம்பித்தது. பல் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சந்து மூடவில்லை. பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இரண்டும் இறங்கிய பிறகும் அப்படியே இருந்தது. கிளிப் போடுவதற்காக வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் செய்தது ஒரு சின்ன எக்ஸ்ரே. இரண்டு முன்பற்களின் வேர்களுக்கு நடுவே, எலும்புக்குள், கூம்பு வடிவத்தில் ஓர் அதிகப்படிப் பல் இருந்தது. எட்டு வயதிலேயே அது அங்கே இருந்திருக்கும், அப்போதே ஒரு படம் அதைக் காட்டியிருக்கும் என்றார். அந்த வயதில் அதை எடுத்திருந்தால் சந்து ஓரளவு தானாகவே குறைய வாய்ப்பு இருந்ததாம். இப்போது ஈறைத் திறந்து அந்தப் பல்லை எடுக்க வேண்டும், அப்புறம் கிளிப் போட்டுச் சந்தை மூட வேண்டும். முன்பு வெட்டிய இடத்தில் இருக்கும் இறுகிய தழும்பு பற்களை நெருங்கவிடாமல் தடுக்கலாம் என்றும் சொன்னார். குற்றம் செய்யாத தசையை வெட்டிவிட்டு, காரணமான பல்லை உள்ளேயே விட்டிருக்கிறீர்கள். உண்மையாகவே தேவைப்படும் அறுவைக்கு என் மகள் இப்போது வாயைத் திறக்க மறுக்கிறாள். இதற்கு யார் பதில் சொல்வது?

உதட்டுத் தசையை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோரைப்பற்கள் வந்த பின்னும் சந்து இருக்கிறது, உதட்டை இழுத்தால் ஈறு வெளுக்கிறது, எக்ஸ்ரேயில் வேறு காரணம் எதுவும் இல்லை என்றால் அது தேவைப்படலாம். அப்போதும் கிளிப் போட்டுச் சந்தை மூடிய பிறகு, அல்லது மூடி முடிக்கும் தறுவாயில் வெட்டுவதுதான் முறை என்று அந்த மருத்துவர் விளக்கினார். பற்கள் சேர்ந்த பிறகு உண்டாகும் தழும்பு அவற்றை விலகாமல் பிடித்துக்கொள்ள உதவும். சேர்வதற்கு முன்னால் உண்டானால் அதே தழும்பு நடுவில் நிற்கும். அதோடு பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டாவிட்டால் மூடிய சந்து மறுபடி திறந்துகொள்ளலாம். தசை இழுத்து ஈறு பல்லை விட்டு விலகுகிறது, அல்லது அந்த இடத்தைத் துலக்கவே முடியவில்லை என்றால் வயதைப் பார்க்காமல் முடிவெடுக்கலாம். இவையெல்லாம் எழுதிக் கொடுக்கக்கூடிய காரணங்கள். எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று என் மகளுக்கு நாக்கின் அடியில் உள்ள தசையும் தடிப்பாக இருக்கிறது, சேர்த்தே வெட்டிவிடலாம் என்றார்கள். அவள் தெளிவாகப் பேசுகிற பிள்ளை. நாக்கை நீட்டி மேலுதட்டைத் தொடுவாள், சாப்பிடுவதிலும் எந்தச் சிரமமும் இல்லை. நல்லவேளை, அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. நாக்கின் தசை பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட, நாக்கு என்ன செய்ய முடியாமல் தவிக்கிறது என்பதல்லவா கேள்வி? பச்சிளம் குழந்தை மார்பைச் சரியாகப் பற்ற முடியாமல், தாய்க்கு வலி எடுத்து, குழந்தையின் எடையும் ஏறாமல், பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்து பார்த்தும் பலனில்லை என்றால், வெட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. பேச்சில் குறை என்றால் முதலில் பேச்சுப் பயிற்சியாளர் பார்க்கட்டும். பேச ஆரம்பிக்கத் தாமதமாகும் குழந்தைக்கு நாக்கின் அடியில் உள்ள தசையை வெட்டினால் பேச்சு வந்துவிடாது. தடிப்பாக இருக்கிறது என்பது வெறும் தோற்றம், அது நோய் ஆகாது.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் இவ்வளவையும் பார்த்த பிறகே கத்தியைத் தொடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் மகளின் வாயில் இருந்த காரணத்தைக் கண்டுபிடித்தவரும் உங்களில் ஒருவர்தான். அவர் செய்ததை எல்லோரும் செய்யுங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். சந்து எத்தனை மில்லிமீட்டர், ஈறு வெளுத்ததா இல்லையா, எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது, கோரைப்பல் எந்த நிலையில் இருக்கிறது, இப்போதே வெட்டாவிட்டால் என்ன கெடும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அறுவைக்கு நாள் குறிக்கும் முன் பெற்றோரிடம் கொடுங்கள். என் தோழியின் மகனுக்குக் குறித்திருக்கும் நாளுக்கு முன்னால் அவளுக்கும் அந்தத் தாள் கிடைக்க வேண்டும்.

நன்றியுடன்,
ஒரு தாய்