துருசுக்குக் கீழே தோண்டி யாருக்கு லாபம்?

ஆசிரியருக்கு,

வன்னியில் சிறு குளங்களைத் தூர்வாரப் போகிறார்கள் என்ற செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். சண்டிலிப்பாயில் இருந்தாலும் எங்கள் குடும்பத்துக்கு வவுனியாப் பக்கம் ஒரு சிறு குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் வயல் உண்டு. அந்தக் குளத்தையும் சில ஆண்டுகளுக்கு முன் தூர்வாரினார்கள். அதைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பெக்கோ வந்து அணைக்கட்டை ஒட்டியே தோண்டியது. லொறி வந்து போக அங்கேதான் வசதி. தோண்டிய களிமண்ணை அப்படியே கட்டின் மேல் போட்டு உயர்த்தவும் முடிந்தது. பள்ளம், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையான துருசின் வாயைவிட நான்கு அடி ஆழத்துக்குப் போனது. அடுத்த சிறுபோகத்தில் அந்தப் பள்ளத்தில் தாமரை பூத்தது, எருமைகள் படுத்துக் கிடந்தன. வயலுக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. துருசுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வாய்க்காலுக்கு ஏறாது அல்லவா? “இது குளமில்லைத் தம்பி, கிணறு” என்றார் பக்கத்து வயல் பெரியவர்.

மண் உண்மையில் சேர்வது வேறு இடத்தில். ஓடி வரும் வெள்ளம் குளத்துக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, பாரமான மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. நுண்ணிய களி மட்டுமே கட்டுவரை வருகிறது. ஆகவே மேட்டுப் பக்கத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வெட்டிப் பார்த்தாலே போதும். பழைய கறுத்த மண்ணின் மேல் மணற்படை தடித்துக் கிடந்தால், மேலே எங்கோ நிலம் அறுபடுகிறது என்று பொருள்.

எங்கே என்று நடந்து பார்த்தேன். எங்கள் குளம் தனிக் குளம் அல்ல. ஒரே பள்ளத்தாக்கில், ஒரு குளம் நிரம்பியதும் மிச்சம் வழிந்தோடும் வாயிலான வானின் தண்ணீர் அடுத்த குளத்தை நிரப்பும் தொடரில் மூன்றாவது. இந்த அமைப்பைச் சிங்களத்தில் ‘எல்லங்காவ’ என்பார்கள். 1985 இல் புவியியலாளர் மத்தும பண்டார இதை ஆராய்ந்து எழுதினார். 2017 இல் உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளின் பட்டியலிலும் இதைச் சேர்த்தது. பட்டியலில் ஏறியதால் மண் நின்றுவிடவில்லை.

அந்தக் காலத்தில் மண்ணைப் பிடிக்க மூன்று காவல் இருந்தன. தொடரின் தலைப்பில் காட்டுக்குள் ஒரு சிறு குளம். வயலுக்குத் தண்ணீர் தருவது அதன் வேலையல்ல, மண்ணைத் தன் வயிற்றில் வாங்கிக்கொள்வதே வேலை. அதற்குக் கீழே ஒவ்வொரு குளத்திலும் வெள்ளம் நுழையும் மேற்கரையில் மருத மரங்கள். மரங்களுக்கும் தண்ணீருக்கும் இடையே வெள்ளத்தை வடிக்கும் புல்வெளி. இன்று காட்டுக் குளம் உடைந்து கிடக்கிறது. மரம் நின்ற இடத்தில் சோளம். ஐப்பசி இடிமழை விழும்போது, உழவு இயந்திரம் சரிவோடு உழுத நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. போரினால் ஊர்கள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்ததும் உண்டு. அப்போது உடைந்த கட்டுகளைப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. குளம் தூர்ந்துவிட்டது என்றதும் வானை ஓர் அடி உயர்த்திவிடுகிறார்கள். தண்ணீர் ஆழமாகாமல் மேற்புறம் பரவுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைகள் செங்குத்தானவை என்று வைத்துக்கொண்டால், 10 ஏக்கரில் 6 அடி நிற்பதும் 20 ஏக்கரில் 3 அடி நிற்பதும் ஒரே அளவு தண்ணீர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்றால் 90 நாளில் 45 சென்ரிமீற்றர், அதாவது ஒன்றரை அடி. முதற்குளம் காற்பங்கை இழக்கிறது, இரண்டாவது பாதியை. போதாததற்கு மேற்கரையில் மிச்சமிருந்த மரங்களின் அடியில் மாதக்கணக்கில் தண்ணீர் நின்று அவையும் பட்டுப்போகின்றன. பிறகு மண் இன்னும் தாராளமாக வருகிறது. கீழ்க் குளத்துக்காரர்களோ வான் பாயவில்லை என்று நம்மோடு சண்டைக்கு வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்திலும் இந்தக் கதை வேறு உருவில் உண்டு. எங்கள் வழுக்கியாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலைச் சேரும் மழைக்கால ஆறு. சிறுவயதில் ஐயா குளத்து மண்ணை மாட்டுவண்டியில் ஏற்றிப் புகையிலைத் தோட்டத்தில் கொட்டுவார். தோட்டத்துக்கு உரமும் கிடைத்தது, குளமும் துப்புரவானது. கேள்விப்பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. உரப்பை வந்தபின் யாரும் வண்டி கட்டவில்லை.

நான் நில அளவை வேலையில் இருந்தவன். கேட்பது சிறியது. மண் எடுக்கும் முன்பு துருசு வாயின் மட்டத்தை அளந்து, எந்த இடத்தில் எத்தனை அடி வெட்டுவது என்று ஒரு பலகையில் எழுதிக் குளக்கட்டில் நடட்டும். ஊரில் யாரும் ஒரு நூலும் மட்டக்குழாயும் வைத்துச் சரிபார்த்துக்கொள்வார்கள். மேற்கரைப் பக்கத்தில் அகற்றும் மணலை அப்பால் ஏற்றிச் செல்லாமல் அங்கேயே வரப்பாகப் போட்டு, அதன் மேல் மருதங்கன்றுகளை வைக்கலாம். காட்டுக் குளத்தின் உடைப்பை அடைப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். அது அடைபடாமல் கீழே எத்தனை பெக்கோ இறக்கினாலும் மூன்று மாரிக்குள் மீண்டும் மணல் வந்துவிடும்.

ஓய்வுபெற்ற நில அளவை உதவியாளர்,
சண்டிலிப்பாய்.