17-ஆ, 19-ஆ, எட்டா?

பதுளை

அன்பின் நண்பன் சிவலிங்கத்துக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமறிய ஆவல். இந்தப் பக்கம் மழை இன்னும் விட்டபாடில்லை. தலவாக்கலையில் எப்படியோ தெரியாது, இங்கே உடுப்பு காய்வதே பெரிய பாடு. மகன் பண்டாரவளைக்கு மாற்றலாகி வந்துவிட்டான், அதனால் வீட்டில் கொஞ்சம் கலகலப்பு.

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மூன்று தாள்களும் கிடைத்தன. தங்கச்சி மகளுக்குப் பேசிவந்த இடத்தைச் சாதகப் பொருத்தத்தில் 36-க்கு 17 புள்ளிதான் என்று சொல்லித் தள்ளிவிடுவதா என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டார் கைப்பேசியில் பார்த்தது 19, கோயில் குருக்கள் பார்த்தது பத்துக்கு எட்டு. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். தாள்களை வைத்துக்கொண்டு நானும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். எது எங்கிருந்து வந்தது என்று ஒழுங்காகவே சொல்கிறேன்.

பெண் திருவாதிரை, மிதுன ராசி. பையன் பூரட்டாதி, கும்ப ராசி. முதலில் 36 புள்ளிக் கணக்கைப் பார். அது வட இந்தியாவில் புழங்கும் முறை, எட்டுக் கூட்டம். வர்ணத்துக்கு 1, வசியத்துக்கு 2, தாரைக்கு 3, யோனிக்கு 4, ராசிநாதர் நட்புக்கு 5, கணத்துக்கு 6, ராசி நிலைக்கு 7, நாடிக்கு 8. கூட்டினால் 36. பாதியான 18 வந்தால் தாராளமாகச் செய்யலாம் என்பது வழக்கம். இந்தச் சோடி வர்ணத்தில் 1, வசியத்தில் 2, கணம் இருவருக்கும் மனுஷம் என்பதால் 6, எல்லாம் முழுசாக வாங்குகிறது. தாரைக்குப் பெண் நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்துப் பையன் நட்சத்திரம் வரை எண்ண வேண்டும். திருவாதிரை 1, புனர்பூசம் 2 என்று போனால் பூரட்டாதி 20. ஒன்பதால் வகுத்தால் மீதி 2, நல்ல தாரை. திருப்பிப் பையனிலிருந்து எண்ணினால் 9, அதுவும் நல்லது. மீதி 3, 5, 7 வந்தால்தான் குறை. ஆக 3-க்கு 3. ராசிநாதர்கள் புதனும் சனியும். சனிக்குப் புதன் நண்பன், புதனுக்குச் சனி சமம், அதனால் 5-இல் 4. யோனி நாயும் சிங்கமும், பகை இல்லை, இணக்கமும் குறைவு, 4-இல் 1.

இதுவரை 17. மீதி இரண்டு கூட்டத்திலும் பூச்சியம். மிதுனத்துக்குக் கும்பம் ஒன்பதாவது, கும்பத்துக்கு மிதுனம் ஐந்தாவது. ஐந்து–ஒன்பது நிலை என்று வடக்கு முறை ஏழையும் வெட்டிவிடுகிறது. இருவருக்கும் ஒரே ஆதி நாடி, அதனால் எட்டும் போய்விட்டது. கடைசி இரண்டு கூட்டத்துக்கு மட்டும் 15 புள்ளி என்பதைக் கவனித்துக்கொள். அந்த இரண்டும் விழுந்தால் வேறெல்லாம் முழுசாக இருந்தாலும் 21-க்கு மேல் யாராலும் வாங்க முடியாது. இந்தச் சோடி அந்த 21-இல் 17 வாங்கியிருக்கிறது. பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த 17 இல்லை இது, பெரும்பாலும் இரண்டே இடத்தில் குறைந்த 17. அதனால் மொத்தத்தை விட்டுவிட்டு அந்த இரண்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இதே சோடியைக் குருக்கள் நம் தமிழ் முறையில் பார்த்திருக்கிறார். அதில் புள்ளி இல்லை. பத்துப் பொருத்தம், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். தினம் உண்டு, கணம் உண்டு. எண்ணிக்கை 20 என்பதால் மகேந்திரம் இல்லை, 13-ஐத் தாண்டியதால் ஸ்திரீ தீர்க்கம் உண்டு. யோனியில் பகை இல்லை. ராசி, ராசி அதிபதி இரண்டும் உண்டு. மிதுனத்துக்கு வசியம் கன்னி மட்டும்தான், ஆகவே வசியம் இல்லை. திருவாதிரை கண்ட ரஜ்ஜு, பூரட்டாதி உதர ரஜ்ஜு, வேறு வேறாக இருப்பதால் ரஜ்ஜு உண்டு. திருவாதிரைக்கு வேதை திருவோணம், பூரட்டாதி இல்லை, அதுவும் சரி. பத்துக்கு எட்டு.

வடக்கு முறை பூச்சியம் போட்ட அதே ராசி நிலைக்குத் தமிழ் முறை ‘உத்தமம்’ என்கிறது. ஏனென்றால் இங்கே பெண் ராசியிலிருந்துதான் எண்ணுவார்கள், பையன் ராசி ஆறுக்கு மேல் வந்தால் நல்லது. வடக்கே இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்ப்பதால் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பையனிலிருந்து பெண்ணுக்கு எண்ணிவிட்டால் ராசியும் ஸ்திரீ தீர்க்கமும் போய் எட்டு ஆறாகிவிடும். யாராவது எட்டை ஆறு என்று சொன்னால் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார் என்று முதலில் கேள்.

நாடி அப்படி ஒதுக்கிவிடக்கூடியது இல்லை. தமிழ் முறையில் அது பத்துக்குள் வராது, பார்ப்பவர்கள் பதினோராவதாகப் பார்ப்பார்கள். ஒரே நட்சத்திரம் வேறு பாதம், ஒரே ராசி வேறு நட்சத்திரம் என்று விலக்குகள் சொல்வார்கள், இந்தச் சோடிக்கு எதுவும் பொருந்தாது. ஆகவே நாடி இல்லை என்பதை இல்லை என்றே எழுதிக்கொள்ள வேண்டும். சாத்திரம் அதைப் பிள்ளைப்பேற்றோடும் உடல்நிலையோடும் சேர்த்துச் சொல்கிறது. ஒரே நாடி என்றால் ஒரே இரத்த வகை என்று இப்போது சிலர் சொல்லித் திரிகிறார்கள், அதில் துளியும் உண்மை இல்லை. பிள்ளைகளின் உடல்நிலைதான் உன் கவலை என்றால் இருவருக்கும் தலசீமியா இரத்தப் பரிசோதனை செய்யச் சொல். இருவரும் அதைக் காவுபவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதை நாடியும் காட்டாது, 36-க்கு 36 வந்தாலும் காட்டாது.

நம் ஆட்கள் உயிராகப் பார்ப்பது ரஜ்ஜுவைத்தான். 36 புள்ளிக் கணக்கில் அது இல்லவே இல்லை. மகம் பெண்ணுக்கும் கேட்டைப் பையனுக்கும் எண்ணிப் பார், நாடி, ராசி, கணம், தாரை, நட்பு எல்லாம் முழுசாக வந்து 30-ஐத் தாண்டிவிடும். ஆனால் இரண்டும் பாத ரஜ்ஜு. ஒன்று ஏறுமுகம், மற்றது இறங்குமுகம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், மற்றவர்கள் கையை வைக்கவே மாட்டார்கள். 17 வாங்கிய சோடிக்கு இந்தச் சிக்கல் இல்லை, 30 வாங்கிய சோடிக்கு உண்டு. புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

இனி அந்த 19. மாப்பிள்ளை வீட்டார் தாளில் பையன் பூரட்டாதி நாலாம் பாதம், மீன ராசி என்று இருக்கிறது. பெண் வீட்டுத் தாளில் மூன்றாம் பாதம், கும்பம். பிறந்த நாளும் நேரமும் இரண்டிலும் ஒன்றுதான். பிறந்தது 1999 என்று பார்த்ததும் எனக்குக் காரணம் பிடிபட்டது. நம் நாட்டில் 1996 மே 25-இல் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, கிரீன்விச் நேரத்துக்கு 6:30 மணித்தியாலம் முந்தியதாக ஆக்கினார்கள், அந்த ஒக்டோபர் 26-இல் அரை மணித்தியாலம் குறைத்து 6:00. 2006 ஏப்ரல் 15 வரை அப்படியேதான் இருந்தது, அதற்குப் பிறகுதான் பழைய 5:30. இப்போது கலியாண வயதில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்த இடைவெளிக்குள் பிறந்தவர்கள். இந்தியக் கணக்குப்படி 5:30 என்று போட்டால் பிள்ளை அரை மணித்தியாலம் பிந்திப் பிறந்ததாக ஆகிவிடும்.

ஒரு பாதத்தைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் பிடிக்கும். அதனால் அரை மணித்தியாலம் பெரும்பாலானோருக்கு நட்சத்திரத்தை மாற்றாது. இந்தப் பையன் மூன்றாம் பாதம் முடிகிற இடத்தில் பிறந்திருக்கிறான், கும்பமும் மீனமும் சந்திக்கிற இடம், அதனால் அந்தக் கணக்கில் மீனத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டான். மீனம் என்றால் ராசி நிலை நாலு–பத்து ஆகி ஏழு புள்ளி வரும். ஆனால் புதனும் குருவும் சேராததால் நட்பில் 4 என்பது ½ ஆகக் குறையும், வசியத்திலும் போகும். கூட்டினால் 19 அல்லது 19½. தமிழ் முறையிலோ ராசி அதிபதி போய் எட்டு ஏழாகிறது. அங்கே கூடியது இங்கே குறைகிறது பார்த்தாயா? 18-ஐத் தாண்டியதால் 19 நல்லது, 17 கூடாது என்று வைத்தால், பிழையான கணக்கைத்தான் நாம் தேர்ந்தெடுத்ததாக ஆகும்.

இதற்கு நீ செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பையன் பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை வாங்கி நேரத்தைப் பார். தாதி எழுதிய நேரமா, பிறகு வீட்டில் நினைவில் சொன்ன நேரமா என்று கேள், சந்தியில் பிறந்தவனுக்குப் பத்து நிமிடமும் பெரிசு. கைப்பேசியில் நாடு, ஊர் போட்டபின் நேர வலயம் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல். 1999-க்கு 6:00 காட்டினால் சரி, 5:30 என்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். ஊரைச் சென்னை என்று போட்டிருந்தாலும் இதே கதைதான். இரண்டு சாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்தார்களா என்பதையும் விசாரி. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம் என்றால் நட்சத்திரம் முடிகிற நேரம் மணிக்கணக்கில்கூட வித்தியாசப்படும்.

அரை மணித்தியாலத்தில் லக்கினம் ஏழு, எட்டுப் பாகை நகரும். லக்கினம் ராசி மாறினால் செவ்வாய் தோஷக் கணக்கும் மாறிவிடும், அதனால் சரியான நேரம் போட்டபின் குருக்களிடம் ஏழாம் இடத்தையும் செவ்வாயையும் திரும்பப் பார்க்கச் சொல். பொருத்தம் எத்தனை வந்தாலும் அது சந்திரன் நின்ற நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டும் வைத்துப் போட்ட கணக்குத்தான்.

என் எண்ணம் கேட்டாய். 17-தான் சரியான கணக்கு, ஆனாலும் அதற்காக இந்த இடத்தைத் தள்ளமாட்டேன். ரஜ்ஜுவும் வேதையும் சரியாக இருக்கின்றன, ராசிக் குறை நம் முறையில் குறையே இல்லை, மிஞ்சுவது நாடி ஒன்று. அதைப் பெரிசாக எடுப்பதா என்பதைத் தங்கச்சியும் மச்சானும் பேசித் தீர்மானிக்கட்டும். பிள்ளையின் விருப்பத்தையும் தனியாகக் கேட்டுக்கொள்.

அட்டையில் உள்ள நேரம் கிடைத்ததும் எழுது, நான் இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு
உன் அன்பு நண்பன்
இராமச்சந்திரன்