ஒரு மார்க் கேள்வியா, பெரிய கேள்வியா: ஒரு டீச்சரோட கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கல்விப் பக்கத்துல ஒரு வாசகர், நீட், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரி தேர்வுல எல்லாமே ஆப்ஷன் கேள்விதான், அதனால ஸ்கூல் டெஸ்ட்லயும் பெரிய கேள்விய எடுத்துட்டு முழுக்க ஒரு மார்க் கேள்வியா வைக்கலாம்னு எழுதியிருந்தாரு. நான் காரைக்குடி பக்கத்துல ஒரு ஹைஸ்கூல்ல சயின்ஸ் எடுக்குறேன். அவர் சொல்றதுல பாதிக்கு மேல எனக்கும் சம்மதம்தான், ஆனா மீதிப் பாதில பிள்ளைங்களுக்கு பெரிய நஷ்டம் இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதல்ல ஒத்துக்க வேண்டியத சொல்லிடுறேன். ஒரு பீரியட்னா 40 நிமிஷம். அதுக்குள்ள ஒரு மார்க் கேள்வி தாராளமா 20, 25 வைக்கலாம், பாடம் முழுசையும் தொட்டுடலாம். அஞ்சு மார்க் கேள்வின்னா நாலு வச்சாலே கை வலிக்குதுன்னு பிள்ளைங்க சொல்லும், அந்த நாலும் அவன் படிச்ச இடத்துலேர்ந்து வந்துச்சுன்னா அதிர்ஷ்டம், வரலைன்னா போச்சு. திருத்துறதுலயும் பெரிய கேள்விக்கு ஒரு பழைய கெட்ட பேரு உண்டு. 1913ல அமெரிக்காவுல ஸ்டார்ச், எலியட்னு ரெண்டு பேரு ஒரே ஒரு ஜியாமெட்ரி பேப்பர நூத்துக்கும் மேல டீச்சர்ங்களுக்கு அனுப்பி மார்க் போடச் சொன்னாங்க, முப்பதுக்குக் கீழேர்ந்து தொண்ணூறுக்கு மேல வரைக்கும் வந்துச்சு. கணக்குப் பேப்பருக்கே அந்தக் கதின்னா நம்ம சமூக அறிவியல் பேப்பர யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஒரு மார்க் கேள்வி பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு தானா சொல்லாது. எங்க ஸ்கூல்ல நடந்த ஒன்ன முழுசா சொல்றேன்.

வெப்பம் கடத்தல் பாடம். நம்ம ஊர்ல தரைக்கு ஆத்தங்குடி கல்லு போடாத பழைய வீடு கம்மி, காலைல வெறுங்காலோட நடந்தா ஜில்லுனு இருக்கும், பக்கத்துலயே கோரைப்பாய்ல கால வச்சா அப்படி இருக்காது. இதையே கேள்வியாக்கலாம்னு கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க டெஸ்ட்ல வச்சாங்க: காலைல ஒரே ரூம்ல இருக்குற ஆத்தங்குடி தரை, கோரைப்பாய், ரெண்டுலயும் தெர்மாமீட்டர் வச்சா எது கம்மியா காட்டும்? அ) தரை ஆ) பாய் இ) ரெண்டும் ஒன்னுதான் ஈ) சொல்ல முடியாது. அவங்க எதிர்பார்த்த விடை இ. ஏன்னா ஒரே ரூம்ல ரொம்ப நேரம் இருந்தா ரெண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்துடும், கல்லு நம்ம கால்லேர்ந்து சூட்ட வேகமா இழுக்குறதாலதான் ஜில்லுனு தெரியுது.

கிளாஸ்ல 42 பேரு. மொத்த மார்க்ல மேல இருக்குற 11 பேப்பரையும் கீழ இருக்குற 11 பேப்பரையும் தனியா எடுத்து வச்சு, ஒவ்வொரு கேள்வியையும் யாரு சரியா போட்டிருக்காங்கன்னு எண்ணிப் பாத்தோம் (கால்வாசிக்குக் கொஞ்சம் மேல, 27 சதவீதம் எடுக்குறதுதான் வழக்கம்). நல்ல கேள்வின்னா மேல உள்ளவங்க நெறைய பேரும் கீழ உள்ளவங்க கம்மிப் பேரும் சரியா போட்டிருக்கணும். இந்தக் கேள்வில மேல 3 பேரு, கீழ 6 பேரு. தலைகீழா வந்துருச்சு! ஒன்னு ரெண்டு வித்தியாசம்னா சின்ன கிளாஸ்ல விட்டுடலாம், ஆனா நல்லா படிக்கிற 11 பேர்ல 8 பேரு தப்புன்னா கேள்வியத்தான் சந்தேகப்படணும்.

ஆனா என்ன கோளாறுன்னு அந்த எண்ணிக்கை சொல்லல. மறுநாள் அதே கேள்விய ஆப்ஷன் இல்லாம குடுத்து, ஏன்னு அஞ்சு வரி எழுதுங்கன்னு சொன்னப்பதான் தெரிஞ்சது. நல்லா படிக்கிற பொண்ணு ஒன்னு எழுதியிருக்கு, தரை மண்ணோட ஒட்டி இருக்கு, மண்ணு ராத்திரி பகல் ரெண்டுக்கும் அவ்ளோ சீக்கிரம் மாறாது, அதனால தரை நெசமாவே ரூம் காத்தவிட சூடு கம்மியா இருக்கலாமேன்னு. அது சொல்றது சரிதான்! பாய் மெல்லிசு, தரைல விரிச்சிருந்தா அதோட கணக்கு வேற. இ போட்டு மார்க் வாங்குன சில பேரு என்ன எழுதியிருந்தாங்கன்னா, "ரெண்டும் ஒரே வெப்பநிலை, ஏனென்றால் ஒரே அறை", அவ்ளோதான், போர்டுல எழுதிப்போட்ட வரி. கல்லு ஏன் ஜில்லுன்னு இருக்குன்னு கேட்டா "கல்லுக்குள்ள குளிர் இருக்கு"ன்னே எழுதியிருந்தாங்க. அதாவது புரிஞ்ச பொண்ணுக்கு சைபர், புரியாத பையனுக்கு ஒன்னு.

அந்த அஞ்சு வரி பதில்கள்லேர்ந்துதான் அடுத்த கேள்வி வந்துச்சு. பதிக்காத ஒரு கல்லும் சுருட்டுன பாயும் முந்தின நாள்லேர்ந்து ஒரே பரண்ல, மண்ணுல படாம இருக்கு. காலைல கல்லு ஏன் ஜில்லுனு தெரியுது? அ) கல்லோட வெப்பநிலை கம்மி ஆ) கல்லுக்குள்ள இருக்குற குளிர் கைக்கு வருது இ) கைலேர்ந்து வெப்பம் கல்லுக்கு வேகமா போகுது ஈ) பாய் தானா சூட்ட உண்டாக்குது. தப்பான மூணு ஆப்ஷனும் பிள்ளைங்க தங்க கையால எழுதுனது. எவன் எத போட்டான்னு பாத்தாலே எந்தத் தப்பு எண்ணம் யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சிரும். டீச்சர் உக்காந்து கற்பனையா எழுதுற ஆப்ஷன் பாதி நேரம் யாருமே தொடாததா இருக்கும், நாலுல ரெண்டு அப்படி ஆனா அது கண்ண மூடிட்டுப் போட்டாலும் பாதி சரியா வர்ற கேள்வி ஆயிடும், சரியா தவறா கேள்விக்கும் அதுக்கும் வித்தியாசம் கெடையாது.

அதனால நான் பாக்குறது இப்படித்தான். புதுப் பாடம் எடுத்த வாரம், ஒரு செக்‌ஷன் மட்டும்னா, ஒரே ஒரு பெரிய கேள்வி போதும். யூனிட் முடிஞ்சப்புறம் மூணு செக்‌ஷனுக்கும் சேத்து வைக்கிற டெஸ்டுக்கு ஒரு மார்க் கேள்விதான் நியாயம், 120 பேருக்கு அஞ்சு மார்க் கேள்வி நாலு வச்சா 480 பதில் திருத்தணும், ராத்திரி பத்து மணிக்குத் திருத்துற பேப்பருக்கு நியாயம் செய்ய முடியாதுங்க.

பெரிய கேள்வி வச்சா மட்டும் போதாது, நோட்ஸ்ல இருக்குற கேள்வியையே வச்சா அது மனப்பாடம்தான், 20 வரி எழுதுனாலும் ஒரு மார்க் கேள்விக்குச் சமம். நோட்ஸ்ல இல்லாத மாதிரி கேக்கணும்: அதே கல்லும் பாயும் ரெண்டும் 50 டிகிரில இருந்தா எது கைய அதிகமா சுடும், ஏன்? இப்ப வெப்பம் கல்லுலேர்ந்து கைக்கு வேகமா வரும், கல்லுதான் சுடும். "கல்லுக்குள்ள குளிர்"னு நெனைக்கிற பிள்ளை இங்க மாட்டிக்கும். திருத்துறதுக்கு முன்னாடியே எதுக்கு எவ்ளோன்னு எழுதி வச்சுக்கணும்: எது சுடும்னு சொன்னா 1, வெப்பம் எந்தப் பக்கம் போகுதுன்னு சொன்னா 2, கல்லு நல்லா கடத்தும்னு காரணம் சொன்னா 2. கையெழுத்துக்கு மார்க் கிடையாது. ஒரு பிள்ளையோட பேப்பர முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகாம, எல்லா பேப்பர்லயும் முதல் கேள்விய முடிச்சுட்டு அப்புறம் ரெண்டாவதுக்கு வரணும், இல்லைன்னா முதல் பதில் நல்லா இருந்த பிள்ளைக்கு அடுத்த சொதப்பலுக்கும் கை தாராளமாயிடும்.

உங்க கிட்ட ஒரு கோரிக்கை. கல்விப் பக்கத்துல மாதிரி வினாத்தாள் போடுறப்போ விடை மட்டும் போடாம, தப்பான ஒவ்வொரு ஆப்ஷனும் எந்தத் தப்பு எண்ணத்துக்காக வச்சதுன்னு ஒரு வரியும், பெரிய கேள்விக்கு மார்க் எப்படிப் பிரியுதுன்னும் சேத்துப் போடுங்க. எங்கள மாதிரி டீச்சர்ங்களுக்கும் வீட்ல சொல்லிக்குடுக்குற அம்மா அப்பாவுக்கும் விடைய விட அதுதான் உபயோகம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை,
காரைக்குடி