பெறுபேற்று அட்டவணைகளில் வெற்றுக் கலங்களைத் தவிர்க்குமாறு ஒரு வேண்டுகோள்

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய கல்வி வலயங்களின் பாடசாலைப் பெறுபேறுகளைத் தொகுத்து வெளியிடும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகளைப் பாடசாலைவாரியாகத் தொகுக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாகவே ஆசிரியர்களின் கைக்கு வருகின்றன. நிரைக்கு ஒரு பாடசாலை. மேலே பாடத்தின் பெயர். அதன் கீழே தோற்றியோர், A, B, C, S, W என ஆறு நிரல்கள். அச்சிட்டுப் பார்ப்பதற்கு இது நல்ல வடிவமே. ஆனால் எந்தப் பாடத்தில் எந்தப் பாடசாலைக்கு உதவி தேவை என்று ஒப்பிட வேண்டுமானால், பாடசாலை, பாடம், தரம், எண்ணிக்கை என்ற நான்கே நிரல்கள் கொண்ட நீள் வடிவத்துக்கு அதனை மாற்ற வேண்டும். அந்த வேலை எங்கே தடைப்படுகிறது என்பதைத் தங்களுக்கு விளக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பாடப்பெயர் ஆறு நிரல்களை இணைத்த ஒரே கலத்தில் இருப்பதால், பிரதி செய்யும்போது அது முதல் நிரலின் மேல் மட்டுமே வந்து நிற்கும். அதை மற்ற ஐந்தின் மேலும் நிரப்பி, கீழ்த் தலைப்புடன் சேர்த்து maths_A, maths_B என ஒரே பெயராக்கிவிட்டால், ஆர் மொழியில் மாற்றம் சில வரிகளில் முடிந்துவிடும்:

```r
library(tidyr)
long <- pivot_longer(df, cols = -school,
  names_to = c("subject", "grade"),
  names_sep = "_", values_to = "count")
```

தோற்றியோர் நிரலும் இங்கே ஒரு தரமாக மாறிவிடும் என்பதால், சரிபார்ப்புக்குப் பயன்படுத்திய பின் அதனை நீக்கிவிட வேண்டும்; நீக்காவிட்டால் ஒவ்வொரு மாணவரும் இருமுறை எண்ணப்படுவார். பாமினி எழுத்துருவில் தயாரித்த கோப்பானால் 'தமிழ்' என்ற சொல் jkpo; என்று வரும், அதற்கு எழுத்துரு மாற்றி உண்டு. இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

சமாளிக்க முடியாதது வெற்றுக் கலமே. ஒரு பாடசாலையில் தமிழ், கணிதம், ஆங்கிலம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் 42 பேர் தோற்றினர் என்று கொள்வோம். கணிதத்தில் A 5, C 11, S 14, W 12. B எவரும் பெறாததால் அந்தக் கலம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு அது தெளிவு. ஆனால் பிரதி செய்தால் நிரையில் 18 எண்களுக்குப் பதில் 17 மட்டுமே வரும்:

```
42 9 8 12 7 6 42 5 11 14 12 42 4 6 10 13 9
```

இடைவெளி மறைந்து, அதன் பின்னுள்ள எண்கள் யாவும் ஒரு நிரல் இடப்பக்கம் நகர்ந்துவிட்டன. இப்போது கணிதத்தில் B 11, C 14, S 12 என்றும், ஆங்கிலத்துக்குத் தோற்றிய 42 பேரும் கணிதத்தில் W பெற்றவர்கள் என்றும் அட்டவணை சொல்லும். மேலே தந்த கட்டளை எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் இதை அப்படியே நீள் வடிவமாக்கிவிடும்.

ஐந்து தரங்களின் கூட்டுத்தொகையைத் தோற்றியோருடன் ஒப்பிட்டால் பிழை வெளிப்படும்: கணிதத்தில் 84, இருக்க வேண்டியது 42. ஆனால் இந்தச் சரிபார்ப்பு எந்தப் பாடத்தில் பிழை தொடங்குகிறது என்று காட்டுமேயன்றி, எந்தத் தரம் வெறுமை என்று காட்டாது. 5, 11, 14, 12 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 42 தான். ஆனால் வெறுமையாக இருந்தது A ஆகவும் இருக்கலாம், W ஆகவும் இருக்கலாம். ஒருவரும் சித்தியடையாமல் போகாத பாடசாலையும், 12 பேர் சித்தியடையாத பாடசாலையும் இந்த நான்கு எண்களைக் கொண்டு ஒன்றுபோலவே தோன்றும். எண்களின் இடத்தைப் பக்கத்தில் அவை நிற்கும் நிலையைக் கொண்டு அறிவதே ஒரே வழி. `pdftotext -layout` என்ற கட்டளை இடைவெளிகளைக் காக்க முயலும். டாபுலா என்ற மென்பொருள் அட்டவணைக்குக் கோடுகள் இருந்தால் அவற்றைக் கொண்டு கலங்களைப் பிரிக்கும். தாளை ஸ்கேன் செய்து படமாக வெளியிட்டால் இரண்டும் பயன்படா.

வெற்றுக் கலத்துக்கு இரண்டு பொருள்கள் இருப்பது அடுத்த சிக்கல். அந்தத் தரத்தை எவரும் பெறவில்லை என்பது ஒன்று. அந்தப் பாடமே அப்பாடசாலையில் இல்லை என்பது மற்றொன்று. முன்னதை 0 என்றும் பின்னதை விடுபட்ட தரவு என்றும் எழுதாவிட்டால், சங்கீதம் கற்பிக்காத ஒரு சிறிய பாடசாலையும் சங்கீதம் உள்ள பாடசாலையாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆகவே எவரும் பெறாத தரத்துக்கு 0 என்றும், இல்லாத பாடத்துக்கு - என்றும் ஒவ்வொரு கலத்தையும் நிரப்பித் தருமாறு வேண்டுகிறேன். பிடிஎஃப் கோப்புக்கு மூலமான எக்செல் கோப்பையும், கலங்களை இணைக்காமல், உடன் வெளியிட்டால் மேற்சொன்ன மீட்புப் பணி எதுவும் தேவைப்படாது. அடுத்த தொகுப்பை ஆயத்தம் செய்யும் முன்னரே இதனைக் கவனத்தில் கொள்வீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணித ஆசிரியர்