ஜானகிக்கு அப்போது பத்து வயது

அன்புள்ள வள்ளி,

போன வாரம் கல்யாணத்துக்கு வந்தபோது எல்லோரும் வளவில் பாயைப் போட்டு கணித மேதை ராமானுஜன் படம் பார்த்தோமே, கடைசியில் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு 'இதெல்லாம் நிஜமாவே நடந்ததா சித்தப்பா?' என்று கேட்டாய். நான் 'பாதி' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். கணக்கு வாத்தியார் பாதி என்றால் எந்தப் பாதி என்று சொல்ல வேண்டாமா, அதனால் இந்தக் கடிதம்.

'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' 2015-இல் வந்த படம். ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வைத்து எடுத்தது, ஆகவே முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. லண்டனில் ராமானுஜன் ரயில் முன்னால் விழுந்தது நிஜம். சிப்பாய்கள் அவரைப் போட்டு அடிப்பதாக வருவதற்கு எனக்குத் தெரிந்து எந்தப் பதிவும் இல்லை. ஆனால் நீ அழுதது அதற்கெல்லாம் இல்லை. அவர் மனைவி ஜானகிக்காக அழுதாய், அதனால் ஜானகியை மட்டும் பார்ப்போம்.

படத்தில் ஜானகி வளர்ந்த பெண். புருஷனின் கணக்கு என்னவென்று கேட்கிறாள், கப்பல் ஏறுகிறவரைப் பார்த்து ஏங்குகிறாள், கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பார். ஜானகி பிறந்தது 1899 மார்ச் 21. கல்யாணம் 1909 ஜூலை 14. கழித்துப் பார்த்தால் பத்து வயது, மாப்பிள்ளைக்கு இருபத்தொன்று. அந்தக் காலத்து வழக்கப்படி தாலி கட்டியதும் பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். 1912 மார்ச்சில் ராமானுஜனுக்குச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகுதான் குடித்தனம். அதுவும் தனிக்குடித்தனம் இல்லை, மாமியார் கோமளத்தம்மாள் கூடவே. 1914 மார்ச் 17-இல் அவர் கப்பல் ஏறினார். ஜானகிக்குப் பதினைந்து வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

இயக்குநர் ஏன் வயதைக் கூட்டினார் என்பது புரிகிறது. பத்து வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டுவதைத் திரையில் காட்டினால் அதற்கப்புறம் பார்க்கிறவனுக்குக் கணிதமாவது ஒன்றாவது, படம் வேறு படமாகிவிடும். சரி, ஆனால் வயதைக் கூட்டியதோடு நிற்கவில்லை. இருபது வயதுப் பெண் காத்திருந்தால் அது காதல் கதை. பதினான்கு வயதுப் பெண்ணை, அதிகம் பேசிப் பழகியிராத புருஷன் மாமியாரிடம் விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போவது வேறு கதை. நம் ஊருக்கு அது நன்றாகவே தெரிந்த கதை. அப்பத்தாவுக்குக் கல்யாணம் ஆனபோது பதின்மூன்று வயது. ஐயா ரங்கூன் கடைக்குப் போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவார். அவர் கடிதம் பெரிய வீட்டு விலாசத்துக்குத்தான் வரும், வீட்டுப் பெரியவர் முகப்பில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார், கடைசி வரியில் 'மற்றவர்கள் க்ஷேமம்' என்று இருக்கும். அந்த 'மற்றவர்கள்' தான்தான் என்று அப்பத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாமியார் கடிதங்களை மறைத்தார் என்று படத்தில் வருகிறதே, உனக்கு அதுதான் ரொம்பக் கோபம். அது கனிகல் புத்தகத்திலேயே இருக்கிறது. கடிதங்கள் இடையில் நின்றன, சகோதரர் கல்யாணத்தைச் சொல்லிப் பிறந்த வீட்டுப் பக்கம் போன ஜானகி திரும்பி வரவில்லை. 1919-இல் ராமானுஜன் பம்பாயில் வந்து இறங்கியபோது துறைமுகத்தில் அம்மா நின்றார், மனைவி இல்லை. அதுவரை படத்தோடு சண்டை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனி. கடிதம் மறைத்த விஷயம் பெரும்பாலும் ஜானகி பல பத்தாண்டுகள் கழித்து வயதான காலத்தில் சொன்னதிலிருந்து வருகிறது. மாமியார் பக்கத்துப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. பொய் என்று சொல்ல வரவில்லை, நானே ஜானகியைத்தான் நம்புகிறேன். ஒரு சாட்சி சொன்னதும் இரண்டு காகிதங்கள் ஒத்துப்போவதும் ஒரே எடை இல்லை, அவ்வளவுதான். படத்தில் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் வருவதால் அந்த வித்தியாசம் தெரியாது.

காகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய முதல் கடிதம், உலகத்தில் இவ்வளவு புகழ்பெற்ற கணிதக் கடிதம் வேறு இருக்குமா தெரியாது, அதில் தனக்கு வயது சுமார் 23 என்கிறார். 1887 டிசம்பர் 22-இல் பிறந்தவருக்கு அன்றைக்கு 25 முடிந்திருந்தது. சொந்தக் கையால் எழுதியது, தேதி இருக்கிறது, ஆனாலும் தப்பு. பிறந்த தேதியைப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால்தான் பிடிபடும். நாம் வட்டிக்கணக்கு எழுதின சாதி, பேரேட்டை மட்டும் பார்க்காமல் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்ப்போமே, அதே வேலைதான்.

எனக்குப் படத்தின் மேல் உள்ள பெரிய குறை, ஜானகியை எங்கே விட்டுவிட்டார்கள் என்பதுதான். ராமானுஜன் திரும்பி வந்து ஓராண்டுதான் இருந்தார், 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் போய்விட்டார். ஜானகிக்கு அப்போது இருபத்தொரு வயது. படம் அதோடு முடிகிறது, அந்தம்மா வாழ்க்கை முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் கொடுத்தது. சில வருஷம் பம்பாயில் சகோதரரோடு இருந்து தையல் கற்றுக்கொண்டார், பிறகு திருவல்லிக்கேணியில் துணி தைத்தும் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார், பெற்றோர் இல்லாத ஒரு பையனை எடுத்து வளர்த்தார். நம்ம கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் கணித நிறுவனம் தொடங்கியபோதும், 1957-இல் அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டபோதும், அந்தம்மா அதே ஊரில்தான் இருந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று கேட்டார். வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் போட்டு 1980-களில் ஒரு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தார்கள். 1994-இல், தொண்ணூற்று ஐந்து வயது முடிந்தபின் இறந்தார். சுமங்கலியாக அவர் புருஷனோடு இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் வருவதே சந்தேகம். விதவையாக எழுபத்து நான்கு.

அந்தக் கடைசி ஓராண்டைப் பற்றி அவர் சொன்ன ஒன்று இருக்கிறது, படத்தில் வந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது. வேளாவேளைக்குச் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்தாராம், வலிக்கிறது என்றால் காலிலும் நெஞ்சிலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாராம். வெந்நீர் வைத்த அந்த இரண்டு பாத்திரங்களை வயதான காலம் வரைக்கும் வைத்திருந்தார். அவ்வளவுதான், வசனமே வேண்டாம்.

அப்பத்தாவின் தகரப் பெட்டி இன்னும் இரண்டாம் கட்டில்தான் இருக்கிறது. ரங்கூன் கடிதங்கள் சில உள்ளே உண்டு, ஓரத்தில் கரையான் தொட்டிருக்கிறது. அடுத்த தடவை வரும்போது இரண்டு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா, தேதி வாரியாக அடுக்கலாம்.

அன்புடன்,
சித்தப்பா
காரைக்குடி